வாரம் மூன்று நாள் அலுவலகம்: மாதப் பாஸா, ஷேர் வண்டியா, வீட்டில் நிற்கும் பைக்கா?

கேள்வி: “வீட்டிலிருந்து அலுவலகம் 14 கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். வாரம் மூன்று நாள்தான் நேரில் போகிறேன், மாதத்தில் இரண்டு நாளாவது இரவு தாமதமாகிவிடும். மாதப் பாஸ், ஷேர் வண்டி, வீட்டில் சும்மா நிற்கும் பைக், இந்த மூன்றில் உண்மையில் எது செலவு குறைவு? பெட்ரோலை மட்டும் பார்த்தால் பைக்தான் மலிவாகத் தெரிகிறது.”

போக்குவரத்து நிறுவனமொன்றில் வண்டிகளின் ஓட்டச் செலவைக் கணக்கிடுவதே பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் முதலில் சொல்லத் தோன்றுவது, நீங்கள் எழுதிய மூன்று வழிகளுக்கு அப்பால் நான்காவதாக ஒன்று இருக்கிறது என்பதுதான். பாஸ் எடுக்காமல், போகும் நாளில் மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போவது அது. உங்களைப் போல வாரத்தில் சில நாள் மட்டும் பயணம் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே முன்னால் நிற்கிறது. ஏன் என்பதை ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். விலைகள் இடத்துக்கு இடம் மாறும். நீங்களும் விலை எதையும் குறிப்பிடவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ‘அலகு’ என்ற பொதுவான அளவில் வைக்கிறேன். நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் ஒரு மாதிரிக்காக மட்டுமே. அவற்றை எடுத்துவிட்டு உங்கள் விலைகளை இட்டுப் பார்த்தால் உங்களுக்கான விடை கிடைத்துவிடும்.

வாரம் மூன்று நாள் என்றால் மாதத்துக்குச் சுமார் 13 நாள். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு 35 அலகு என்று வைத்துக்கொள்வோம். போக வர நாளொன்றுக்கு 70 அலகு ஆகிறது. மாதப் பாஸின் விலை 1200 அலகு. பெட்ரோல் லிட்டருக்கு 100 அலகு, உங்கள் பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்றால், 28 கிலோமீட்டருக்கு 62 அலகு பெட்ரோல் செலவாகும். இதே எண்களை மனத்தில் வைத்துத்தான் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பைக்குக்கு மாதம் 810 அலகுக்குள், பாஸுக்கு 1200 அலகு. பைக் மலிவாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் இரண்டு பக்கமும் கோணல் இருக்கிறது. பாஸின் பக்கத்தில், நீங்கள் போகாத நாட்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டப்படுகிறது. பைக்கின் பக்கத்தில், வண்டி ஓடுவதால் ஆகும் செலவில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே எண்ணப்படுகிறது.

பாஸை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது எளியது. பாஸின் விலையை ஒரு தடவை டிக்கெட்டின் விலையால் வகுத்தால், எத்தனை தடவை பயணம் செய்தால் பாஸ் தன் விலைக்கு ஈடாகும் என்பது தெரிந்துவிடும். இங்கே 1200ஐ 35ஆல் வகுக்க 34 சொச்சம் வருகிறது, அதாவது 35ஆவது தடவையிலிருந்துதான் லாபம். போக வர இரண்டு தடவை என்றால் 18 நாள். உங்களுடைய 13 நாளில் 26 தடவைதான் ஆகிறது. டிக்கெட் வாங்கிப் போனால் 13 நாளுக்கு 910 அலகு. பாஸ் எடுத்தால் அதைவிட 290 அலகு கூடுதல். இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, நாட்காட்டியைப் பார்த்து மாதத்தில் 22 வேலை நாள் என்று எண்ணிவிடுவது. விடுமுறை, விடுப்பு, வீட்டிலிருந்தே வேலை, வெளியூர்ப் பணி எல்லாம் கழிந்தபின் உண்மையில் பஸ் ஏறிய தடவைகள் எத்தனை என்பதை மட்டுமே எண்ண வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. வார இறுதியில் கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ அதே பாஸில் போக முடியும் என்றால் அந்தத் தடவைகளையும் கூட்டத்தான் வேண்டும். ஆனால் பாஸ் இல்லாவிட்டாலும் டிக்கெட் வாங்கிப் போயிருப்பேன் என்று சொல்லக்கூடிய பயணங்களை மட்டும் கூட்டுங்கள். பாஸ் கையில் இருக்கிறதே என்பதற்காக இரண்டு நிறுத்தத்துக்கு ஏறி இறங்கியதை எல்லாம் லாபமாக எண்ணினால் கணக்கு பாஸின் பக்கம் சாய்ந்துவிடும். உங்களுக்கு அப்படி உண்மையான பயணங்கள் மாதத்தில் ஒன்பது இருந்தால் 26ம் 9ம் 35 ஆகிப் பாஸ் சரியாக ஈடுகட்டிவிடும்.

இனி பைக். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பகுதி இதுதான். முதலில் மைலேஜ். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணையோ, வண்டியின் திரையில் காட்டும் சராசரியையோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுவலகப் போக்குவரத்தில் நின்று நின்று போகும்போது கிடைப்பது அவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். டேங்கை நிரப்பி அளப்பதுதான் நம்பகமான வழி. பெட்ரோல் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள், ஓடோமீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல அலுவலகத்துக்கு ஓட்டிவிட்டு, டேங்க் பாதிக்குமேல் காலியானதும் அதே பங்க்கில், வண்டியை அதே விதமாக நிறுத்தி, மறுபடி குழாய் நிற்கும் வரை நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஏறிய லிட்டரால் இடையில் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் அதுதான் மைலேஜ். ஓடியது 320 கிலோமீட்டர், ஏறியது 7.1 லிட்டர் என்றால் லிட்டருக்கு 45. ஒரே தடவையில் வரும் எண்ணை நம்பிவிட வேண்டாம். குழாய் நிற்கும் இடத்தில் சிறிது முன்பின் ஆனாலும் எண் மாறும். மூன்று தடவை நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு தடவை மட்டும் எண் திடீரென்று விழுந்தால், டயரில் காற்று குறைந்திருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள். வண்டியைக் கையால் தள்ளும்போதே சக்கரம் இறுக்கமாக உருள்வது தெரிந்துவிடும்.

அடுத்தது தேய்மானம். டயர், இன்ஜின் ஆயில், செயின் போன்றவை பெட்ரோலைப் போல நாள்தோறும் பணம் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவற்றைக் கொஞ்சம் தின்கிறது. கணக்கிடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பொருளின் விலையை அது தாங்கும் கிலோமீட்டரால் வகுப்பது. இரண்டு டயருக்கும் சேர்த்து 4000 அலகு, 20,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால் கிலோமீட்டருக்கு 0.20 அலகு. ஆயில் 3000 கிலோமீட்டருக்கு ஒரு முறை 450 அலகு என்றால் 0.15. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் 20,000 கிலோமீட்டருக்கு 1600 அலகு என்றால் 0.08. பிரேக் கட்டைகள், ஃபில்டர், சர்வீஸ் கூலி, எப்போதாவது வரும் சில்லறைப் பழுது எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.27 வைக்கலாம். இதோடு, அதிகம் ஓடிய வண்டிக்கு விற்கும்போது கிடைக்கும் விலை குறைவு என்பதால் அதற்காக 0.30 சேர்க்கிறேன். மொத்தம் கிலோமீட்டருக்கு 1 அலகு. பெட்ரோல் 2.2 அலகோடு கூட்டினால் 3.2 ஆகிறது. 28 கிலோமீட்டருக்கு 90 அலகு, அலுவலகப் பக்கத்தில் பார்க்கிங் 10 அலகு, ஆக நாளொன்றுக்கு 100 அலகு. 13 நாளுக்கு 1300.

மாத முடிவில் பைக் 1300, பாஸ் 1200, டிக்கெட் 910 என்று வரிசை தலைகீழாகிவிட்டது. இதில் எனக்கு உறுதியாகத் தெரிவது எது, எது உத்தேசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் விலை, பாஸ் விலை, பார்க்கிங், நீங்கள் அளந்து எடுத்த மைலேஜ், இவை நிச்சயமான எண்கள். டயரும் ஆயிலும் செயினும் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் பழைய சர்வீஸ் ரசீதுகளைப் புரட்டினாலே எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்றினீர்கள் என்று தெரியும். பழுதுச் செலவும், விற்பனை விலையில் ஓட்டத்தால் விழும் பங்கும் உத்தேசந்தான். வண்டியின் வயதைப் பொறுத்து அவை பாதியாகவும் இருக்கலாம், இரு மடங்காகவும் இருக்கலாம். ஆகவே முடிவு அந்த உத்தேசத்தின் மேல் நிற்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவசியம். தேய்மானத்தை 1 அலகிலிருந்து 0.6ஆகக் குறைத்தால் பைக்கின் நாள் செலவு சுமார் 88, மாதத்துக்கு 1150 அலகுக்குச் சற்றுக் குறைவு. இப்போது பைக் பாஸைவிட மலிவாகிவிடுகிறது. ஆகவே பைக்கா பாஸா என்பதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். ஆனால் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் நிலைமை வேறு. தேய்மானமே இல்லை என்று வைத்தால்கூடப் பெட்ரோல் 62, பார்க்கிங் 10, ஆக 72 அலகு. பஸ் 70. இந்த எண்களில் டிக்கெட்டை பைக் எந்த வகையிலும் முந்தவில்லை. பார்க்கிங் இலவசம் என்றால் மட்டும், தேய்மானத்தைக் கண்டுகொள்ளாதவரை, முந்துவது போலத் தோன்றும்.

இன்ஷூரன்ஸ், வரி, வண்டியின் வயதால் விலை குறைவது, இவற்றை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அலுவலகத்துக்கு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்த பைக் உங்கள் வீட்டில் இருக்கத்தான் போகிறது என்றால் அந்தச் செலவுகள் எப்படியும் ஆகிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் போவதால் அதில் ஒரு அலகும் மிச்சமாகாது. எனவே அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது பைக்குக்குச் செய்யும் அநியாயம். ஆனால் பஸ்ஸுக்கு மாறினால் பைக்கை விற்றுவிடுவேன் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. இன்ஷூரன்ஸுக்கு மாதம் 150, வயதால் குறையும் விலை மாதம் 500, வண்டியில் முடங்கியிருக்கும் பணம் வங்கியில் இருந்தால் வரக்கூடிய வட்டி மாதம் 250, ஆக 900 அலகு மிச்சமாகும். 13 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 69. அப்போது பைக்கில் போகும் ஒரு நாளின் செலவு 100 அல்ல, 169. இதில் ஒரு திருத்தம் வேண்டும். வீட்டில் மற்றவர்கள் அந்த பைக்கைச் சந்தைக்கும் பள்ளிக்கும் எடுத்துப்போகிறார்கள் என்றால், விற்றபின் அந்தப் பயணங்களுக்கு ஆகும் வாடகைச் செலவை இந்த 900 அலகிலிருந்து கழிக்க வேண்டும். சிலர் வீட்டில் அது 900ஐயும் தாண்டிவிடும். அங்கே விற்பது நஷ்டம்.

இதே காரணத்தால்தான் புதிதாக வண்டி வாங்கப்போகிறவருக்கும், உங்களைப் போல ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது. நண்பர் ஒருவர் சொந்த வண்டிதான் லாபம் என்று சொல்லி, இன்னொருவர் அதை மறுத்தால், இருவரும் இரண்டு வேறு கணக்குகளைப் போட்டிருக்கக்கூடும். கார் என்றாலும் முறை இதேதான். ஆனால் அங்கே வயதால் குறையும் விலை பைக்கைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் ‘எப்படியும் வீட்டில் நிற்குமா, இல்லையா’ என்ற கேள்வியின் எடையும் அந்த அளவு கூடுகிறது. மின்சார ஸ்கூட்டர் என்றால் ஓட்டச் செலவு வெகுவாக இறங்கும். மின்சாரத்துக்குக் கிலோமீட்டருக்கு 0.4 அலகு என்றும் தேய்மானம் அதே 1 அலகு என்றும் வைத்தால் பார்க்கிங்கோடு நாளுக்கு 49 அலகு. அது டிக்கெட்டை வென்றுவிடுகிறது. பேட்டரி மாற்றும் செலவை எத்தனை ஆண்டில் பரப்புவது என்பதில் உத்தேசம் அதிகம். அதனால் அந்த 49ஐ மிகவும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஷேர் வண்டியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்கும் வண்டி. ஒரு தடவைக்கு 55 அலகு என்றால் நாளுக்கு 110, மாதத்துக்கு 1430. தினப்பயணத்துக்கு இது மிகுந்த செலவு. அதோடு ஆப்பில் பதிவு செய்யும் வண்டி என்றால் நெரிசல் நேரத்தில் விலை ஏறும். நீங்கள் போகும் நேரம் அந்த நெரிசல் நேரமாகவே இருக்கும். ஒரு மதியம் பார்த்த விலையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு வாரம், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில், பதிவு செய்யாமல் விலையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, அதே பக்கம் போகும் ஒருவரின் காரில் சேர்ந்துகொண்டு செலவைப் பங்கிடுவது. கேட்கும்போது இது மிகவும் கவர்ச்சியாக இருக்கும். காரின் ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு 8 அலகு என்றால் நாளுக்கு 224. மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 75 அலகுதான், ஏறக்குறைய பஸ் டிக்கெட் விலை. இந்த 75 எல்லா நாளும் மூன்று பேரும் வந்தால் மட்டுமே உண்மை. மூவரும் உங்களைப் போல மாதத்தில் 22 வேலை நாளில் 13 நாள், அவரவர் வசதிப்படி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் ஒரு நாளில் மற்ற இருவரும் வருவது மூன்றில் ஒரு தடவை போலத்தான் நடக்கும். பாதி நாளில் ஒருவர் மட்டும் வருவார், செலவு 112. ஆறில் ஒரு நாள் யாரும் வரமாட்டார்கள், 224 முழுவதும் ஒருவர் தலையில். சராசரி எடுத்தால் 118 அலகுக்குப் பக்கம் வருகிறது. அதாவது இருக்கை வாங்கும் வண்டியைவிடவும் அதிகம், வந்தாலும் வராவிட்டாலும் கார் ஓடும் என்று நல்ல விதமாக எண்ணியும் அப்படி. மூவரும் ‘செவ்வாய், புதன், வியாழன்’ என்று ஒரே மூன்று நாளைப் பேசி முடிவு செய்துகொண்டால் மீண்டும் 75 ஆகிவிடும். ஆகவே இந்த வழியில் பணத்தைத் தீர்மானிப்பது பெட்ரோல் விலையைவிட ஆட்கள் ஒன்றுபடுவதுதான். நாட்கள் ஒத்துப்போகிறதா என்று கேட்ட பிறகே பங்குத் தொகையைப் பேசுங்கள். வராத நாளுக்கும் பங்கு உண்டா என்பதையும் அப்போதே பேசிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

இப்போது நீங்கள் குறிப்பிட்ட தாமத இரவுகளுக்கு வருகிறேன். கேள்வியில் அதை ஓரமாகச் சொல்லியிருந்தீர்கள், ஆனால் முழுக் கணக்கையும் ஆட்டிவைப்பது அதுதான். பஸ்ஸில் போய்விட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, தனி வாடகை வண்டியில் திரும்பினால் 250 அலகு ஆகிறது என்று வைப்போம். அந்த நாளின் செலவு காலை டிக்கெட்டோடு 285. மாதத்தில் இப்படி இரண்டு நாள் என்றால், மற்ற 11 நாளுக்கு 770, இந்த இரண்டுக்கு 570, மொத்தம் 1340. டிக்கெட்டின் லாபம் முழுவதும் கரைந்து பைக்கின் 1300க்கு மேலே போய்விட்டது. பஸ் மலிவு என்று நம்பிக் கணக்கே பார்க்காமல் இருப்பவர்கள் இந்த ஓட்டையைக் கவனிப்பதில்லை. வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்தை அவர்கள் பயணச் செலவாக எழுதாமல் அவசரச் செலவாக எண்ணி மறந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் பைக் இருக்கிறது என்பது இங்கேதான் பயன்படுகிறது. இன்று இரவு தாமதமாகும் என்று காலையிலேயே தெரிந்தால் அன்று பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 11 நாள் டிக்கெட் 770, இரண்டு நாள் பைக் 200, மொத்தம் 970. காலையில் தெரிந்துகொள்வதால் மட்டும் ஒரு தாமத நாளுக்கு 185 அலகு மிச்சம். முன்கூட்டித் தெரியாத இரவில் பைக் வீட்டில் இருக்கும். அப்போது இருக்கை வாங்கும் ஷேர் வண்டி கிடைத்தால் 55 அலகில் வந்துவிடலாம், அந்த நாள் 90 அலகோடு முடிந்துவிடும். தினமும் போவதற்கு விலையுயர்ந்த வழியாக இருந்த ஷேர் வண்டி, இந்த அவசர வேலைக்கு மிக மலிவான வழியாக மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் பாதையில் அது ஓடுகிறதா என்பதை மட்டும் நீங்கள் முன்பே பார்த்துவைத்திருக்க வேண்டும்.

இதனால் நான் உங்களுக்குச் சொல்வது, மாதம் முழுவதற்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதுதான். சாதாரண நாளில் டிக்கெட், தாமதம் தெரிந்த நாளில் பைக், தெரியாமல் மாட்டிக்கொண்ட இரவில் ஷேர் வண்டி. பாஸ் எடுத்துவிட்டால் இந்தக் கலப்பு சுருங்கிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். 1200 அலகைக் கட்டிய பிறகு பைக்கை எடுக்கும் ஒவ்வொரு நாளும் அதன் 100 அலகு முழுமையும் கூடுதல் செலவாகிறது. அலுவலகம் தினமும் வரச்சொன்னால் நிலை மாறும். 22 நாளில் 20 நாள் பஸ்ஸும் 2 நாள் பைக்கும் என்றால் டிக்கெட்டுக்கு 1400, பைக்குக்கு 200, மொத்தம் 1600. பாஸோடு அதே ஏற்பாடு 1400. 22 நாளும் பைக் என்றால் 2200. அங்கே பாஸுக்குப் போட்டியே இல்லை.

நேரத்தைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை, ஏனென்றால் அதற்கு விலை வைக்கும் உரிமை எனக்கு இல்லை. சம்பளத்தை வேலை மணிகளால் வகுத்து, மிச்சமாகும் ஒவ்வொரு மணிக்கும் அந்தத் தொகையைப் போடுபவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. மிச்சமாகும் அரை மணியை யாரும் சம்பளமாகக் கையில் கொடுப்பதில்லை. அதைவிடத் தலைகீழாகக் கேட்பது பயன்தரும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை பஸ்ஸில் 65 நிமிடம், பைக்கில் 40 நிமிடம் என்றால் நாளுக்கு 50 நிமிடம், மாதத்துக்கு 11 மணிக்குச் சற்றுக் குறைவு. எல்லா நாளும் பைக்கில் போவதற்கும் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் 390 அலகு. ஆக, பைக்கில் போனால் ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய 36 அலகுக்கு வாங்குகிறீர்கள், ஒரு தடவை பஸ் டிக்கெட்டின் விலைக்கு. அந்த விலைக்கு ஒரு மணி நேரம் வேண்டுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளலாம். சிறு குழந்தை காத்திருக்கும் வீட்டுக்காரர் உடனே ஆம் என்பார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துப் படித்துக்கொண்டே போகிறவருக்கு அந்த நேரம் இழப்பே அல்ல. இரண்டும் நியாயமான விடைகள். நேரத்தை அளக்கும்போது சராசரியோடு மிக மோசமான நாளையும் குறித்துவையுங்கள். சரியான நேரத்துக்குள் நுழைய வேண்டிய வேலை என்றால் அந்த மோசமான நாளுக்கு ஏற்பத்தான் தினமும் கிளம்ப வேண்டியிருக்கும்.

பணத்தில் அடங்காத இன்னொன்று பாதுகாப்பு. ஒரே தூரத்துக்கு ஒப்பிட்டால் இரு சக்கர வண்டியில் உயிராபத்து பஸ்ஸைவிட மிக அதிகம் என்பதில் ஐயமில்லை. அதை அலகாக மாற்றிக் கணக்கில் கூட்ட நான் முயலவில்லை. ஆனால் களைத்துப்போன பின்னிரவில், அதுவும் மழையில், பைக் மலிவு என்ற காரணத்துக்காக மட்டும் அதை எடுக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட இரவில் 250 அலகு வாடகை வண்டிக்கே போகட்டும். மாதத்தில் ஒரு தடவை அப்படி ஆனாலும் இந்த ஏற்பாடு எல்லா நாளும் பைக் ஓட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் எண்களை எடுக்க ஒரு மாதம் போதும். ஒவ்வொரு தடவைக்கும் எதில் போனீர்கள், கையை விட்டுப் போன பணம் எவ்வளவு, வாசலுக்கு வாசல் எத்தனை நிமிடம் என்ற மூன்றை மட்டும் அன்றன்றே எழுதுங்கள். நிறுத்தம் வரை செல்ல ஏதாவது வண்டி பிடித்தால் அதையும் பஸ்ஸின் கணக்கிலேயே எழுத வேண்டும். பண்டிகை விடுமுறை நிறைந்த மாதத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதன்பின் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வரப்போகும் நாட்களை எண்ணிப் பாருங்கள். 18ஐத் தொடும் மாதத்தில் பாஸ் எடுங்கள், தொடாத மாதத்தில் விட்டுவிடுங்கள். எடுக்கும் முன் கவுண்டரில் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறும் இரண்டு பஸ்ஸுக்கும் அந்த ஒரே பாஸ் செல்லுமா என்பது ஒன்று, அது மாதக் கடைசியோடு முடிகிறதா, வாங்கிய நாளிலிருந்து 30 நாளா என்பது இன்னொன்று. 30 நாள் பாஸ் என்றால், ஒரு வார விடுப்புக்கு முந்தைய நாள் வாங்காமல், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் காலையில் வாங்குங்கள்.